ஒருவர் 'நில்' என்றார், ஒருவர் 'ஓடு' என்றார்: ஒரே ஜாதகம், இரண்டு பலன்

2023 வைகாசியில் ஒரு நாள் காலை, பக்கத்துத் தெருவில் இருக்கும் என் சொந்தக்காரர் ஒருவர் ஒரு மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார். பையில் அவர் மகளின் ஜாதக நோட்டும், மலையாளத்தில் எழுதிய இன்னொரு ஜாதகமும் இருந்தன. நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டுப் பேச்சு தமிழ். கோபாலபுரம் செக்போஸ்டைத் தாண்டினால் பொள்ளாச்சி ரோடு. அதனால் இங்கே கல்யாணப் பேச்சு எடுத்தால் பாதிப்பேர் பொள்ளாச்சிப் பக்கத்து ஜோசியரிடம் போவார்கள், பாதிப்பேர் சித்தூர்ப் பக்கம் பணிக்கரிடம் போவார்கள். கொஞ்சம் பயந்தவர்கள் இரண்டு பேரிடமும் போவார்கள். இவர் இரண்டு பேரிடமும் போயிருந்தார்.

"ஜோசியர் தை வரைக்கும் பேச்சே எடுக்காதீங்கங்கறார். பணிக்கர் ஓணத்துக்குள்ள தாலி கட்டீரணும்ங்கறார். ஒரே ஜாதகந்தானுங்க மாமா. நான் யார் சொல்றதைக் கேக்கறது?"

என் பெரியப்பா ஜாதகம் கணிப்பவர். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பத்து வருஷம் கணக்குப் போட்டிருக்கிறேன். பலன் சொல்லும் வேலைக்கு நான் போகவில்லை, ஆனால் கணக்கு எங்கே பிரியும் என்பது தெரியும். இரண்டு ஜாதகத்தையும் திண்ணையில் விரித்து வைத்தோம்.

ராசிக் கட்டம் இரண்டிலும் ஒன்றேதான். மேஷ லக்னம், அதில் கேது. ஐந்தாமிடம் சிம்மத்தில் செவ்வாய். ஏழாமிடம் துலாத்தில் சந்திரனும் ராகுவும். எட்டில், விருச்சிகத்தில், குருவும் சுக்கிரனும். பத்தில், மகரத்தில், சூரியனும் புதனும். பதினொன்றில், கும்பத்தில், சனி ஆட்சி. பிறந்தது தை மாதம், தேய்பிறை அஷ்டமி, சுவாதி நட்சத்திரம் இரண்டாம் பாதம். பாதம்கூட ஒத்துப்போகிறது என்றால் சந்திரனின் நவாம்சமும் ஒன்றுதான். இதைப் பார்த்துவிட்டுத்தான் அவர் 'ஒரே ஜாதகம்' என்றார். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள்.

நான் கட்டத்தை விட்டுவிட்டு அதற்குக் கீழே இருந்த வரியைப் பார்த்தேன். தமிழ் ஜாதகம் எல்லாவற்றிலும் அந்த வரி இருக்கும்: 'கர்ப்பச் செல் நீக்கி நின்ற தசை இருப்பு'. ஜோசியர் கணித்த நோட்டில், ராகு தசை இருப்பு வருஷம் 10, மாதம் 6, நாள் 27. பணிக்கரின் ஏட்டில் ராகு தசை மிச்சம் 12 வருஷம் 7 மாதம் 6 நாள். இரண்டுக்கும் நடுவே இரண்டு வருஷத்துக்கு மேல் வித்தியாசம். சண்டை முழுவதும் இந்த ஒரு வரியில்தான் இருந்தது.

இந்த வரி எப்படி வருகிறது என்று சொல்லிவிடுகிறேன். ஒரு நட்சத்திரத்தின் அகலம் 13 பாகை 20 கலை, அதாவது 800 கலை. பிறந்த நேரத்தில் சந்திரன் அந்த 800 கலையில் எவ்வளவு கடந்துவிட்டதோ, அந்த நட்சத்திரத்துக்கு உரிய தசையில் அதே பங்கு கழிந்துபோனதாகக் கணக்கு. சுவாதிக்கு ராகு தசை, மொத்தம் 18 வருஷம். ஆகவே சந்திரன் ஒரு கலை தள்ளி நின்றால் தசையில் எட்டு நாள் தள்ளும். சுவாதி துலாத்தில் 6 பாகை 40 கலையில் தொடங்குகிறது. பணிக்கரின் கணக்கில் சந்திரன் துலாம் 10 பாகை 40 கலையில் இருந்தது. 240 கலை கடந்தாயிற்று, 560 கலை மிச்சம். ஜோசியரின் கணக்கில் சந்திரன் 12 பாகை 10 கலை. 330 கலை கடந்தாயிற்று, 470 மிச்சம். இரண்டுக்கும் வித்தியாசம் ஒன்றரை பாகைதான். இரண்டாம் பாதம் 10 பாகையில் தொடங்கி 13 பாகை 20 கலை வரை போவதால் இரண்டு சந்திரனும் ஒரே பாதத்துக்குள் அடங்கிவிட்டன. கட்டத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் அந்த ஒன்றரை பாகை தசையில் இரண்டு வருஷத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

அதற்குப் பிறகு வருகிற தசைகள் எல்லாம் அதே இரண்டு வருஷம் தள்ளித்தான் வரும். ராகுவுக்கு அடுத்து குரு, 16 வருஷம். ஜோசியர் கணக்குப்படி குரு தசை 2021 ஆகஸ்டிலேயே முடிந்து, பெண்ணுக்கு இப்போது சனி தசையில் முதல் உட்பிரிவான சனி புத்தி. பணிக்கர் கணக்குப்படி குரு தசையே இன்னும் முடியவில்லை. கடைசிப் புத்தியான ராகு புத்தி ஓடிக்கொண்டிருக்கிறது, அது முடிவது 2023 ஆகஸ்ட் கடைசியில். அந்த வருஷம் திருவோணம் ஆகஸ்ட் 29. 'ஓணத்துக்குள்' என்று பணிக்கர் சொன்னது இந்தக் கணக்கை வைத்துத்தான். ராகு ஏழில் இருக்கிறது, அதன் புத்தியில் கல்யாணம் கூடும், விட்டால் சனி தசை ஆரம்பித்துவிடும் என்பது அவர் எண்ணம்.

சரி, ஒரே நேரத்தில் பிறந்த குழந்தைக்குச் சந்திரன் எப்படி இரண்டு இடத்தில் நிற்கும்? ஜோசியர் வைத்திருந்தது வாக்கியப் பஞ்சாங்கம். பணிக்கர் வைத்திருந்தது திருக்கணிதம், அதாவது வானத்தில் தெரிவதோடு ஒத்துப்பார்த்துத் திருத்திய கணக்கு. கேரளத்தில் இப்போது புழங்கும் பஞ்சாங்கங்கள் பெரும்பாலும் திருக்கணித வழிதான்.

வாக்கியம் என்பது மனப்பாடமாகச் சந்திரனைக் கணிக்கும் பழைய முறை. சந்திரன் ஓடும் வேகம் ஏறி இறங்கி, ஒன்பது சுற்றில், அதாவது 248 நாளில், கிட்டத்தட்ட பழைய நிலைக்கே வந்துவிடும். அந்த 248 நாளுக்கும் நாளுக்கு ஒரு வாக்கியம், வாக்கியத்தின் எழுத்துகளிலேயே எண் ஒளிந்திருக்கும். எந்தக் கருவியும் இல்லாமல், கூழாங்கல்லை வைத்து எண்ணிக் கணிக்கலாம். அந்தக் காலத்துக்கு அது பெரிய சாதனை. என் பெரியப்பா அதை ராகம் போட்டுச் சொல்வார், இப்போதும் காதில் நிற்கிறது.

ஆனால் அதில் ஒரு குறை இருக்கிறது. சந்திரனைச் சூரியனும் இழுக்கிறது. அமாவாசை, பௌர்ணமி நாட்களில் அந்த இழுப்பின் விளைவு வாக்கியக் கணக்குக்குள்ளேயே அடங்கிவிடும். பழைய கணக்குகள் கிரகணத்தை வைத்துச் சரிபார்க்கப்பட்டவை, கிரகணம் வருவதோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டும்தான். ஆகவே அந்த நாட்களில் வாக்கியச் சந்திரன் வானத்துச் சந்திரனை ஒட்டியே நிற்கும். நடுவில், பாதி நிலவு தெரியும் அஷ்டமியை ஒட்டிய நாட்களில், அந்த இழுப்பு கணக்குக்கு வெளியே நின்றுவிடும். சில அஷ்டமிகளில் வித்தியாசம் இரண்டு பாகையைக்கூடத் தாண்டும். நட்சத்திரம் முடியும் நேரமே நாலைந்து மணி மாறிவிடும்.

இதிலிருந்து ஜாதகம் பார்க்கப் போகிறவருக்கு ஒரு நல்ல அடையாளம் கிடைக்கிறது. பிறந்த திதியைப் பாருங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பிறந்தவர் என்றால் வாக்கியமா திருக்கணிதமா என்ற கேள்வி தசையைப் பெரிதாக மாற்றாது. சப்தமி, அஷ்டமி, நவமியில் பிறந்தவர் என்றால் இரண்டு ஜோசியரின் தசைக் கணக்கும் வருஷக்கணக்கில் பிரியலாம் என்று முதலிலேயே எதிர்பார்த்துப் போக வேண்டும். இந்தப் பெண் பிறந்தது அஷ்டமி.

எது சரி என்று கேட்டால், சந்திரன் வானத்தில் எங்கே நிற்கிறது என்ற அளவில் திருக்கணிதம்தான் சரி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்த நட்சத்திரத்தின் பக்கத்தில் சந்திரன் நிற்கிறது என்று ராத்திரி வாசலில் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும். கணக்கைக் கண்ணுக்குத் தெரிவதோடு ஒத்துப்பார்த்துத் திருத்த வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. எங்கள் சித்தூர்ப்புழை போய்ச் சேரும் பாரதப்புழையின் கரையில் வாழ்ந்த பரமேஸ்வரர், வருஷக்கணக்கில் கிரகணங்களைப் பார்த்துக் குறித்து, 1431-இல் திருக்கணிதம் என்ற பெயரிலேயே திருத்திய கணக்கைத் தந்தார். இன்றைய பஞ்சாங்கக் கணக்கு அதற்கும் மேலே திருத்தப்பட்டது. ஆனால் வாக்கியம் பிடிப்பவர் ஒன்று சொல்வார்: பலன் விதிகள் வாக்கியக் கணக்கை வைத்தே சொல்லப்பட்டவை, ஆகவே பலனுக்கு வாக்கியம்தான் பொருந்தும் என்பார். அதை வானத்தைக் காட்டி மறுக்க முடியாது, பலன் நடந்ததா என்று பார்த்துத்தான் தீர்க்க முடியும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

பிளவு தசையோடு நிற்கவில்லை. சனிப் பெயர்ச்சியும் இரண்டு. திருக்கணிதப்படி சனி மகரத்தை விட்டுக் கும்பத்துக்குப் போனது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20, திருநள்ளாறு கோயிலில் பெயர்ச்சி விழா எடுத்ததும் அன்றுதான். துலா ராசிக்கு மகரம் நாலாமிடம், சனி அங்கே இருக்கும்வரை அர்த்தாஷ்டமச் சனி. ஆகவே 2023-இல் ஏறக்குறைய பதினொரு மாதம், துலா ராசிக்காரர் எல்லாருக்கும் ஒரு ஜோசியர் 'சனி விட்டது' என்பார், இன்னொருவர் 'இன்னும் விடவில்லை' என்பார். நம் ஜோசியரின் கண்ணில் சனி தசை, சனி புத்தி, அதற்கு மேல் அர்த்தாஷ்டமச் சனி. தை வரை பொறுக்கச் சொன்னது அதனால்தான். அவர் பயமுறுத்தவில்லை, தன் பஞ்சாங்கத்துக்கு நேர்மையாகத்தான் சொன்னார். பணிக்கரும் அப்படித்தான்.

போனில் இருக்கும் ஜாதக ஆப்பைப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்று அவர் பையன் கேட்டான். ஆப்பும் ஒரு கணக்கைத் தேர்ந்தெடுத்துத்தான் காட்டும். ராசிச் சக்கரம் வானத்தில் எங்கே தொடங்குகிறது என்று வைத்துக்கொள்ளும் அளவுக்கு அயனாம்சம் என்று பெயர், ஆப்பில் பெரும்பாலும் லாஹிரி அயனாம்சம். அமைப்பில் போய் ராமன் அயனாம்சம் என்று மாற்றினால் சந்திரன் ஒன்றரை பாகைக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்துவிடும், ராகு தசையில் கிட்டத்தட்ட இரண்டு வருஷம் மாறும். மாற்றிக் காட்டினேன். பையன் பேசாமல் போனை வாங்கிக்கொண்டான்.

இதுவரை சொன்னது கணக்கில் வரும் வித்தியாசம். கணக்கு ஒத்துப்போனாலும் பிரிகிற இடம் ஒன்று இருக்கிறது, அது சனியை எடைபோடுவதில். மேஷம் சர ராசி. சர லக்னத்துக்குப் பதினொன்றாமிடம் பாதக ஸ்தானம். பதினொன்றுக்கு உடைய சனி பதினொன்றிலேயே உட்கார்ந்திருக்கிறது. கேரள வழியில் பாதகத்துக்கு மிகுந்த கனம் உண்டு. ஆகவே பணிக்கருக்குச் சனி தசை என்றாலே தடை, தாமதம். தசை தொடங்குமுன் கல்யாணத்தை முடிக்கச் சொன்னார். ஜோசியர் அதே சனியை லாபாதிபதி லாபத்தில் ஆட்சி என்று படித்தார். அர்த்தாஷ்டமம் மட்டும் விலகட்டும், அப்புறம் இந்தத் தசை குடும்பத்தைத் தூக்கி நிறுத்தும் என்றார். இரண்டுமே நூலில் உள்ள விதிதான். எந்த விதி எதை அடக்கும் என்பதை அவரவர் குரு வழிதான் தீர்மானிக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் தப்பு, ஒருவர் சரி என்று வெளியில் இருந்து சொல்ல முடியாது.

அப்புறம், பணிக்கர் ஜாதகத்தை மட்டும் பார்த்தாரா என்று கேட்டேன். இல்லை, பலகையில் கவடிச் சோழி வைத்துப் பிரச்னமும் பார்த்தாராம். பிரச்னம் என்பது கேள்வி கேட்ட நேரத்தின் கட்டம், பெண் பிறந்த நேரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவர் சொன்னதில் எது ஜாதகத்தில் வந்தது, எது பிரச்னத்தில் வந்தது என்று இவர் கேட்டு வாங்கவில்லை. எல்லைப்பக்கத்தில் இந்தக் குழப்பம் நிறைய. ஒரே ஜாதகத்துக்கு இரண்டு பலன் என்று நினைத்துக்கொண்டிருப்போம், உண்மையில் ஒருவர் வேறு கட்டத்தைப் படித்திருப்பார்.

எழுத்திலேயும் ஒரு பள்ளம் உண்டு, எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கட்டாயம் சொல்ல வேண்டியது. மலையாள ஜாதகத்தில் செவ்வாயைக் 'குஜன்' என்பதால் முதலெழுத்தை மட்டும் போடுவார்கள். குருவுக்கும் முதலெழுத்துதான். மலையாளத்தில் அந்த இரண்டும் வேறு வேறு எழுத்து. தமிழில் பெயர்த்து எழுதும்போது இரண்டும் 'கு' ஆகிவிடும். சனியை 'மந்தன்' என்று 'ம' போடுவார்கள், மாந்தியை 'மா' என்பார்கள். ஒரு கால் விடுபட்டால் மாந்தி இருக்கும் இடத்தில் சனி வந்து உட்கார்ந்துவிடும். பையில் இருந்த ஏட்டை வேறு யாரோ தமிழில் பார்த்து எழுதிய தாள் ஒன்றும் இருந்தது. அதில் விருச்சிகத்தில் ஒரு 'கு', சிம்மத்தில் ஒரு 'கு'. இந்தத் தாளை மூன்றாவதாக ஒரு ஜோசியரிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்! அங்கேயே சிம்மத்துக் 'கு'வை அடித்துவிட்டு 'செ' என்று எழுதினேன்.

இதையெல்லாம் விடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. அதை இரண்டு பேருமே கேட்கவில்லை. பிறந்த நேரம் பகல் 11.40. கணக்குப்படி லக்னம் மேஷத்தில் இரண்டு பாகை சொச்சம். நாலு நிமிஷத்துக்கு ஒரு பாகை என்ற வேகத்தில் லக்னம் ஓடுகிறது. குழந்தை பத்து நிமிஷம் முன்னால் பிறந்திருந்தால் லக்னம் மீனம். அப்போது குரு லக்னாதிபதியாகி எட்டிலிருந்து ஒன்பதுக்கு வந்துவிடும், சனி பதினொன்றிலிருந்து பன்னிரண்டுக்குப் போகும், ராகுவும் சந்திரனும் எட்டில் விழும். சனி பாதகனா லாபாதிபதியா என்ற வாதமே காணாமல் போய்விடும். தசை மட்டும் அதிகம் மாறாது. பத்து நிமிஷத்தில் சந்திரன் ஆறு கலைதான் நகரும், ராகு தசையில் ஒன்றரை மாதம். ஆக, நேரப் பிழை லக்னத்தைக் கெடுக்கும், பஞ்சாங்க வித்தியாசம் தசையைக் கெடுக்கும். இரண்டையும் பிரித்து வைத்துப் பார்க்க வேண்டும்.

11.40 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "வெளிய நர்ஸம்மா வந்து சொன்னப்ப எங்கப்பா வாட்ச்சைப் பாத்துக் குறிச்சாருங்க." அப்படியென்றால் உள்ளே பிறந்த நேரம் அதற்கு முன்னால். ஐந்து நிமிஷமா பதினைந்து நிமிஷமா, யாருக்குத் தெரியும்? ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடச் சொன்னேன். மறுநாள் பெண்ணின் அம்மா பழைய ட்ரங்குப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். அதில் மை மங்கி, 11.35 என்று இருந்தது. மேஷத்தில் ஒரு பாகை. விளிம்பில்தான் நிற்கிறது, ஆனாலும் மேஷம்.

சரி, இனி எடைபோடுவது எப்படி? பெரும்பாலும் வீட்டில் செய்வது, நடந்து முடிந்ததைச் சொல்லி 'இது ஜாதகத்தில் இருக்கிறதா' என்று கேட்பது. இதில் ஏமாறாதவர் இல்லை. இந்தக் குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். 2005 நவம்பரில் அப்பாவுக்கு டெம்போ விபத்து. 2007 ஜூனில் புது வீடு. ஜோசியர் கணக்கில் 2005 ஆகஸ்டில் குரு தசை தொடங்கியது. குரு தகப்பன் ஸ்தானமான ஒன்பதுக்கு உடையவர், எட்டில் மறைந்திருக்கிறார், ஆகவே அப்பாவுக்குக் கண்டம். அட, பொருந்திவிட்டது! பணிக்கர் கணக்கில் அதே நவம்பரில் ராகு தசை, சந்திர புத்தி. சந்திரன் ராகுவோடு சேர்ந்து கெட்டிருக்கிறது, நாலாமிடத்துக்கு உடையது, ஆகவே வீட்டில் பயம், மனக்கஷ்டம். அதுவும் பொருந்துகிறது. புது வீட்டுக்கு? பணிக்கர் கணக்கில் செவ்வாய் புத்தி, செவ்வாய் பூமிகாரகன். ஜோசியர் கணக்கில் குரு தசை குரு புத்தி, எட்டில் குரு இடமாற்றம் தருவார். இரண்டு வருஷம் தள்ளி நிற்கும் இரண்டு தசைக் கணக்கும் ஒரே இரண்டு சம்பவத்தையும் விளக்கிவிட்டன! நடந்ததைச் சொல்லிவிட்டால் காரணம் சொல்ல விதி எப்போதும் ஒன்று கிடைக்கும். அதனால் 'போனதைப் புட்டுப் புட்டு வைத்தார்' என்பதை மட்டும் நம்பி ஒருவரைப் பெரியவர் என்று தீர்மானிக்க வேண்டாம்.

கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும். வீட்டில் முதலிலேயே தேதி தெரிந்த ஐந்தாறு சம்பவங்களைத் தாளில் எழுதி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஜோசியரிடம் எதையும் சொல்லாமல், பெண்ணுக்கு எட்டு வயதிலிருந்து இருபது வயதுக்குள் குடும்பத்தில் பெரிய மாற்றம் எந்த எந்த வருஷம், எந்த விஷயத்தில் என்று கேட்டு, அவர் சொல்வதைச் சொன்னபடியே எழுதுங்கள். அப்புறம் வீட்டுக்கு வந்து தாளைப் பிரித்து ஒத்துப்பாருங்கள். பலித்ததோடு பலிக்காததையும் எண்ணுங்கள். 'அந்த வயதில் ஒரு மனக்கஷ்டம்' என்பது மாதிரி யாருக்கும் பொருந்தும் வாக்கை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டாம்.

இவர் அதைச் செய்தார். பணிக்கர் கோபப்படாமல் மூன்று வருஷம் சொன்னார், அதில் வீடு மாறிய 2007 சரியாக விழுந்தது, மற்ற இரண்டும் விழவில்லை. ஜோசியர் இரண்டு சொன்னார். அப்பாவுக்குக் கண்டம் என்ற 2005 சரி. 2011-இல் படிப்பு தடைப்பட்டிருக்கும் என்றார், அந்த வருஷம் பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கியிருந்தாள். இந்த எண்ணிக்கையை வைத்து யாரையும் மேலே தூக்க முடியாது. பத்துப் பதினைந்து வருஷத்தில் குடும்பத்துக்கு நடக்கிற விஷயம் எத்தனையோ இருக்கும்போது மூன்றில் ஒன்று விழுவது அதிசயம் இல்லை.

இதை நம் நாட்டில் பெரிய அளவில் செய்தும் பார்த்திருக்கிறார்கள். வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகரும் புனேயில் அவரோடு சேர்ந்தவர்களும் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இருநூறு பேரின் ஜாதகங்களைச் சேர்த்து, ஒவ்வொரு ஜோசியருக்கும் நாற்பது கொடுத்து, எது யாருடையது என்று பிரிக்கச் சொன்னார்கள். விடை அனுப்பிய 27 பேரின் சராசரி 46 சதவீதம். காசைச் சுண்டினாலே 50 வரும். 2009-இல் அது வெளிவந்தது. ஜாதகக் கணக்கின் மேல் எனக்குள்ள பிரியம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் இந்த முடிவை மறைத்துவிட்டுப் பிறருக்கு யோசனை சொல்ல எனக்கு மனம் வராது. இரண்டு ஜோசியர் மோதும்போது ஒருவராவது சரியாக இருந்தாக வேண்டும் என்று இல்லை.

ஆகவே அவரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். ஜோசியர் சொன்னதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். சந்திரன் எங்கே, லக்னம் எங்கே, தசை இருப்பு எவ்வளவு என்பது கணக்கு. அதை யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கலாம். சனி பாதகனா லாபாதிபதியா என்பது வழக்கு. அதை எந்த வழி என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். நில், ஓடு என்பது யோசனை. அதைத் தந்தவரிடம், பத்து நிமிஷம் நேரம் மாறினாலும் இதையே சொல்வீர்களா, பஞ்சாங்கம் மாறினாலும் இதையே சொல்வீர்களா என்று கேளுங்கள். மாறும் என்று நேர்மையாகச் சொல்பவரின் பேச்சுக்கு நான் கூடக் கனம் கொடுப்பேன். கேள்விக்குப் பதில் சொல்லாமல் பரிகாரச் சீட்டை நீட்டுபவரின் பேச்சுக்குக் குறைவாகக் கொடுப்பேன், அதிலும் அந்தப் பரிகாரத்தை அவரே காசு வாங்கிச் செய்வதாக இருந்தால் இன்னும் குறைவாக. இந்த இரண்டு பேருமே அப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோசியர் போனிலேயே, "திருக்கணிதப்படி பார்த்தா தசை ரெண்டு வருஷம் தள்ளும், எனக்குத் தெரியும்ங்க. நான் எங்கய்யா வழியில பாக்கறேன்" என்றார்.

ஓணத்துக்கும் தைக்கும் நடுவே எது என்று முடிவெடுக்க, இரண்டு பேரும் ஒத்துப்போகும் இடம் எது என்று தேடினோம். பணிக்கர் பயந்தது சனி தசையை. ஜோசியர் பயந்தது அர்த்தாஷ்டமச் சனியை. 2023 டிசம்பருக்குப் பிறகு இரண்டு பஞ்சாங்கத்திலும் சனி கும்பத்தில்தான், அப்போது பெயர்ச்சியைப் பற்றிச் சண்டை இல்லை. சனி தசையோ இரண்டு கணக்கிலும் அதற்குள் தொடங்கியிருக்கும், பணிக்கரின் பாதகக் கவலை மட்டும் மிஞ்சும். அவரிடம் அதைச் சொல்லிக் கேட்டபோது, தசை தொடங்கிவிட்டால் நாள் பார்த்துச் செய்யலாம், முடியவே முடியாது என்று சொல்லவில்லை என்றார். முதல் நாள் கேட்டது 'முடியாது' என்று இவர் காதில் விழுந்திருந்தது.

அதன் பிறகுதான் பெண்ணைக் கேட்டார்கள். அவள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். ஓணத்துக்குள் என்றால் லீவு கிடைக்காது, மாப்பிள்ளை வீட்டாரோடு இன்னும் இரண்டு தடவையாவது பேசிப் பார்க்க வேண்டும் என்றாள். அவள் அம்மா நோட்டின் உள்அட்டையில் பிறந்த நேரம் 11.35, ஆஸ்பத்திரிச் சீட்டுப்படி என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு தசை இருப்பையும் எழுதினார். வாக்கியம் 10-6-27, திருக்கணிதம் 12-7-6. அந்த ஐந்து நிமிஷத்துக்கு இரண்டிலும் இன்னும் மூன்று வாரம் போலக் கூட்ட வேண்டும் என்று சொன்னேன், அதையும் பக்கத்திலேயே குறித்துக்கொண்டார்.